பேச்சு எங்கே தொடங்குகிறது?

ருஷ்ய நாவல் ஒன்றை மூலமொழியில் பிரித்துப் பாருங்கள். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்று கண்ணில் படும். உரையாடல் வரும் பக்கங்களில் இடது ஓரமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நீளக் கோடுகள் நிற்கும். ஒருவர் வாய்திறந்தால் புதுப் பத்தி, அதன் தலையில் ஒரு கோடு. மேற்கோள்குறி கிடையாது. பேச்சு முடிந்தது என்று காட்டவும் தனிக் குறி எதுவும் கிடையாது. பத்தி முடிந்தால் பேச்சும் முடிந்தது.

அதே பக்கம் ஜெர்மனுக்குப் போனால் கோடுகள் மறைந்து, பேச்சின் தொடக்கத்தில் வரியின் அடியிலும் முடிவில் வரியின் தலையிலுமாக மேற்கோள்குறிகள் முளைக்கும். பிரெஞ்சுக்குப் போனால் கோடு பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அத்தனையும் மேற்கோள்குறிகளாகிவிடும். அதுவும் அமெரிக்கப் பதிப்பு என்றால் இரட்டைக்குறி, பிரிட்டிஷ் பதிப்பு என்றால் பெரும்பாலும் ஒற்றைக்குறி. இதையெல்லாம் வாசகர் கவனிப்பதில்லை, கவனிக்கவும் கூடாது. ஆனால் எண்ணூறு பக்க நாவலைத் தமிழாக்கி அச்சுக்குக் கொடுப்பவர் கவனித்தே ஆகவேண்டும்.

தமிழுக்கு ருஷ்ய நாவல்கள் இரண்டு வழிகளில் வந்தன. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட தமிழ் நூல்களில், பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் ருஷ்ய மொழியிலிருந்தே நேராக மொழிபெயர்த்தவை உண்டு. டி.எஸ். சொக்கலிங்கத்தின் ‘போரும் வாழ்வும்’, எம்.ஏ. சுசீலாவின் தாஸ்தயெவ்ஸ்கி மொழிபெயர்ப்புகள் போன்றவை ஆங்கிலம் வழியாக வந்தவை. இரண்டாவது வழியில் வரும்போது குறிகள் ஏற்கெனவே ஒருமுறை மொழிபெயர்ந்துவிட்டன. ‘கரமசோவ் சகோதரர்க’ளை 1912இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கான்ஸ்டன்ஸ் கார்னெட் கோடுகளை மேற்கோள்குறிகளாக்கிவிட்டார். அதைத் தமிழாக்குபவர் முன்னால் இருப்பது தாஸ்தயெவ்ஸ்கியின் குறிகள் அல்ல, ஆங்கில அச்சகத்தின் குறிகள். எது ஆசிரியருடையது, எது இடையில் வந்தவரின் வழக்கம் என்று பிரித்துப் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்வதிலிருந்துதான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

தமிழ் வாக்கியத்தில் பேச்சு எப்படி அடையாளம் காணப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நம்மிடம் ‘என்று’ இருக்கிறது; என்றான், என்றாள், என, என்பதாக என்று அதன் குடும்பம் பெரியது. பேச்சு எங்கே முடிகிறது என்பதை இந்தச் சொல்லே சொல்லிவிடும். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் மேற்கோள்குறிகளே இல்லை. யார் எதுவரை பேசினார் என்பதில் பெரும்பாலும் சிக்கலும் இல்லை. ‘என்றார்’ வந்ததும் பேச்சு முடிந்தது.

ஆனால் பேச்சு எங்கே தொடங்கியது என்று சொல்ல நம் இலக்கணத்தில் ஒன்றுமில்லை. ‘என்றான்’ கடைசியில் வருவதால், அதுவரை படித்தது கதைசொல்லியின் வாக்கியமா, பாத்திரத்தின் பேச்சா, பாத்திரத்தின் மனத்துக்குள் ஓடியதா என்பது வாக்கியம் முடிந்த பிறகே தெரியும். ‘அவன் நல்லவன் இல்லை என்று வேரா நினைத்தாள்’ என்பதில் முதல் மூன்று சொற்களை நாம் கதைசொல்லியின் தீர்ப்பாகவே படிக்கிறோம். ஆறாவது சொல்லில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். ஆங்கிலத்திலோ ருஷ்யத்திலோ ‘வேரா நினைத்தாள்’ முதலிலேயே வந்துவிடலாம், அல்லது இடையில் வரலாம். ஆகவே தமிழில் உண்மையாக உழைப்பது திறக்கும் குறிதான். மூடும் குறி ஏற்கெனவே சொல்லில் இருப்பதை இன்னொரு முறை சொல்கிறது.

இப்படிப் பார்த்தால், திறக்க மட்டும் தெரிந்த ருஷ்யக் கோடு தமிழுக்காகவே செய்ததுபோல் தோன்றும். தோற்றம்தான். ருஷ்யப் பேச்சு வரி ஒன்றின் அமைப்பைத் தமிழ்ச் சொற்களில் போட்டுப் பார்ப்போம். நிக்கலாயும் வேராவும் ரயில் நிலையத்தில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், உதாரணம் என்னுடையது.

— போகலாம், — என்றான் நிக்கலாய். — வண்டி வந்துவிட்டது.

— நாம், — என்றான் நிக்கலாய், — நாளைக்கே போகலாம்.

ருஷ்ய மொழியில் இந்த இரண்டு வரிகளுக்கும் தனித்தனி விதி. முதல் வரியில் பேச்சு இரண்டு வாக்கியங்கள். முதல் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி காற்புள்ளியாகிவிட்டது. அதன்பின் கோடு, கதைசொல்லியின் சொற்கள், முற்றுப்புள்ளி, மறுபடி கோடு, பெரிய எழுத்தில் தொடங்கும் அடுத்த வாக்கியம். இரண்டாவது வரியில் பேச்சு ஒரே வாக்கியம், நடுவில் வெட்டப்பட்டிருக்கிறது. அதனால் கதைசொல்லியின் சொற்களுக்குப் பின் காற்புள்ளி, கோடு, அதன்பின் சிறிய எழுத்து. புது வாக்கியமா, பழைய வாக்கியத்தின் மீதியா என்பதைப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் காட்டிக்கொடுக்கின்றன.

தமிழில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இல்லை. எனவே அந்தத் தகவல் முழுவதும் ‘என்றான் நிக்கலாய்’ என்பதற்குப் பின்னால் வரும் ஒரு புள்ளியின்மேல் விழுகிறது. அது முற்றுப்புள்ளியா காற்புள்ளியா என்பதைப் பொறுத்துப் பேச்சின் பொருளே மாறலாம். மெய்ப்புப் பார்க்கும்போது கண் தவறவிடுவதும் அதே புள்ளியைத்தான். இது போதாதென்று, நடுவிலிருக்கும் கோடு பேச்சைத் திறக்கிறதா, மூடுகிறதா என்பது அதன் வடிவத்தில் தெரியாது. எந்தப் பக்கம் பேச்சு என்பதை ருஷ்ய வாசகர் பள்ளிப் பழக்கத்தால் கண்டுகொள்கிறார். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அதனால் பத்தித் தலையில் மட்டும் கோடு, நடுவில் கோடே வராதபடி வாக்கியத்தை மாற்றி அமைப்பது ஒரு வழி. முதல் வரிக்கு அது சுலபம்.

— போகலாம், வண்டி வந்துவிட்டது என்றான் நிக்கலாய்.

இழப்பு எதுவும் இல்லை. இரண்டாவது வரியில் இழப்பு இருக்கிறது. ‘நாம்’ என்று சொல்லிவிட்டு நிக்கலாய் ஒரு மூச்சு தயங்குகிறான். அந்தத் தயக்கத்தை எழுத்தாளர் ‘என்றான் நிக்கலாய்’ என்ற இரண்டு சொற்களை நடுவில் போட்டுச் செய்திருக்கிறார். தமிழில் ‘நாம் நாளைக்கே போகலாம் என்றான்’ என்று கடைசிக்குத் தள்ளினால் அவன் ஒரே மூச்சில் சொன்னதாகிவிடும். இங்கே மேற்கோள்குறி கைகொடுக்கும்.

“நாம்…” என்று நிறுத்திய நிக்கலாய், “நாளைக்கே போகலாம்” என்றான்.

மூலத்தில் இல்லாத ‘நிறுத்திய’ வந்துவிட்டதே என்று கேட்கலாம். மூலத்தில் குறி செய்த வேலையைத் தமிழில் ஒரு வினை செய்கிறது. எனக்கு இது சம்மதம்தான், ஆனால் கணக்காக. இடையில் வெட்டப்பட்ட எல்லாப் பேச்சும் தயக்கம் அல்ல. நீளமான பேச்சில் பேசுபவர் யார் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுவதற்காகவும் ஐரோப்பிய எழுத்தாளர்கள் வெட்டுகிறார்கள். அங்கெல்லாம் ‘நிறுத்திய’, ‘தயங்கிய’ என்று போட்டால் நாவல் முழுக்க எல்லோரும் திக்கிப் பேசுவார்கள். பேச்சின் முதல் துண்டு தனியாக நின்றால் அதற்கு ஒரு எடை வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. ‘நாம்’ என்பதற்கு எடை உண்டு. ‘நேற்றுக் காலை’ என்பதற்கு அநேகமாக இராது.

மேற்கோள்குறியை எடுத்துக்கொண்டால் இன்னொரு ஆங்கிலப் பழக்கம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். மூடும் குறிக்கு முன்னால் ஒரு காற்புள்ளி: “போகலாம்,” என்றான். தமிழ் நூல்களில் இது ஏராளம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ‘போகலாம் என்றான்’ என்று சொல்லும்போது நடுவில் நிறுத்தம் ஏதும் இல்லை. ‘என்றான்’ முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. கேள்விக்குறியும் வியப்புக்குறியும் வேறு விஷயம். அவை பேசுபவரின் தொனி, குறிக்குள்ளேயே இருக்கவேண்டும். காற்புள்ளி போடுவதானாலும் சரி, விடுவதானாலும் சரி, முதல் அத்தியாயத்தில் செய்ததை நாற்பதாவது அத்தியாயத்திலும் செய்யவேண்டும் என்பதே முக்கியம்.

நினைப்புக்கு வருவோம். ருஷ்யத்தில் பேச்சுக்குக் கோடு. மனத்துக்குள் ஓடுவதற்குப் பெரும்பாலும் « » என்ற இரட்டைக் கூர்க்குறி. இரண்டும் பார்த்த மாத்திரத்தில் வேறு. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் சில நினைப்பையும் பேச்சைப் போலவே மேற்கோள்குறிக்குள் போடும், சில சாய்வெழுத்தில் போடும். தமிழில் சாய்வெழுத்து எடுபடாது. வளைவுகளால் ஆன நம் எழுத்துகளைக் கணினி வெறுமனே சாய்த்துக் கொடுக்கும்போது அவை விழப்போவதுபோல் நிற்கும், வலியுறுத்தலாகத் தெரியாது. நினைப்புக்கும் இரட்டை மேற்கோளையே போட்டாலோ, முன்பு சொன்ன தொல்லை: ‘என்று நினைத்தாள்’ வரும்வரை வாசகர் அவள் வாய்விட்டுச் சொன்னதாகவே நம்புவார். ரஸ்கோல்னிகவைப் போல ஒரு பாத்திரம் பக்கம் பக்கமாகத் தனக்குள் பேசிக்கொள்ளும் நாவலில் இது சின்ன விஷயம் அல்ல. பேச்சுக்கு இரட்டைக்குறி, நினைப்புக்கு ஒற்றைக்குறி என்று பிரித்துக்கொண்டால் திறக்கும் இடத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒற்றைக்குறியை நினைப்புக்குக் கொடுத்துவிட்டால், பேச்சுக்குள் வரும் பேச்சுக்கு என்ன செய்வது? பெரும்பாலான பக்கங்களில் இடத்தை வைத்தே புரிந்துவிடும். இரட்டைக்குறிக்குள் வரும் ஒற்றைக்குறி உள்மேற்கோள், தனியாக வருவது நினைப்பு. இது உடையும் இடம் ‘கரமசோவ் சகோதரர்க’ளில் மத விசாரணைத் தலைவரின் கதை வரும் அத்தியாயம். இவான் தன் தம்பி அல்யோஷாவிடம், தான் மனத்தில் புனைந்த கதையைச் சொல்கிறான். அந்தக் கதைக்குள் செவில் நகரத்து முதிய விசாரணைத் தலைவர், சிறையிலிருக்கும் கிறிஸ்துவிடம் பக்கக்கணக்கில் பேசுகிறார். அந்தப் பேச்சுக்குள் வேதாகம வாசகங்களை எடுத்துச் சொல்கிறார். மூன்று அடுக்கு. இடையிடையே அல்யோஷா வேறு குறுக்கிடுகிறான்.

பல பத்திகளுக்கு நீளும் பேச்சுக்கு ஆங்கிலத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி வரும்; மூடும் குறி கடைசிப் பத்தியில் மட்டும். அதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் இந்த அத்தியாயத்தில் பத்திக்குப் பத்தி “‘ என்று மூன்று கொம்பு முளைக்கும். நம் வாசகரில் பலருக்கு இந்த விதி பழக்கமில்லை. முந்தைய பத்தியில் மூடாததை அச்சுப்பிழை என்றோ, புதிதாகத் திறந்ததை வேறொருவர் பேச்சு என்றோ எடுத்துக்கொள்வார்கள். ‘என்றான் இவான்’ என்பதைப் பல பக்கம் கழித்து அத்தியாயக் கடைசியில் வைப்பதும் பயன்படாது. அங்கே போய்ச் சேர்வதற்குள் யார் பேசியது என்பதே மறந்திருக்கும்.

இங்கே வெளி அடுக்கை எடுத்துவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இவான் சொல்லத் தொடங்கினான் என்று ஒரு வாக்கியத்தை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ஒரு வரி இடைவெளி விட்டு, அதன்பின் இவான் சொல்வதைக் குறியே இல்லாமல் ஓடவிடலாம். விசாரணைத் தலைவர் பேசும்போது இரட்டைக்குறி, அவர் எடுத்தாளும் வாசகத்துக்கு ஒற்றைக்குறி. அல்யோஷா குறுக்கிட்டால் மறுபடி வரி இடைவெளி விட்டு இயல்பான உரையாடலுக்குத் திரும்பலாம். ஒரே அத்தியாயத்துக்கு மட்டும் விதியை மாற்றுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் மாற்றம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. வாசகர் வழுக்கி விழமாட்டார்.

இதுவரை பேசிய கோடு உரையாடல் கோடு மட்டும். ருஷ்யத்தில் அதே வடிவக் கோட்டுக்கு வேறு வேலைகளும் உண்டு. ‘நிக்கலாய் மருத்துவன்’ என்பது போன்ற வாக்கியத்தில் இரண்டு பெயர்ச்சொற்களுக்கு நடுவே, வினை இல்லாத இடத்தில் ஒரு கோடு போடுவார்கள். நமக்கும் அந்த இடத்தில் வினை கிடையாது, ஆனால் நாம் ஒன்றும் போடுவதில்லை. அந்தக் கோட்டைத் தமிழில் வைத்திருந்தால் சாதாரண வாக்கியம் பிரகடனம்போல் ஒலிக்கும். எடுத்துவிட வேண்டியதுதான். வாக்கியத்தின் நடுவே செருகப்படும் விளக்கத்தின் இருபுறமும் ஆங்கிலத்திலும் ருஷ்யத்திலும் வரும் கோடுகளில் பலவும் தமிழில் தாமாகவே கரைந்துவிடும். ‘அவளுடைய அண்ணன் — போரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான் — ஒன்றும் சொல்லவில்லை’ என்பதை ‘போரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அவளுடைய அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுத நம் பெயரெச்சம் இருக்கிறது. செருகல் மிக நீளமானால், அல்லது கதைசொல்லி திடீரென்று ஞாபகம் வந்து சொல்வதுபோல் இருந்தால் மட்டும் கோட்டை விட்டுவைக்கலாம்.

இதைவிடக் கஷ்டமானது பாதியில் அறுபடும் பேச்சு. ஒருவர் தானாகவே இழுத்து நிறுத்தினால் மூன்று புள்ளி, அடுத்தவர் குறுக்கே விழுந்து வெட்டினால் கோடு என்று ஆங்கிலம் பிரிக்கும். ருஷ்யத்தில் பெரும்பாலும் இரண்டுக்கும் மூன்று புள்ளிதான். ஆங்கிலப் பதிப்பில் கோடு இருந்தால் அது மொழிபெயர்ப்பாளர் சூழலைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கக்கூடும். தமிழில் நம் பத்திரிகைக் கதைகள் மூன்று புள்ளியை எல்லாவற்றுக்கும் செலவழித்து அதன் பலத்தைக் குறைத்துவிட்டதால், நான் ஆங்கிலத்தின் பிரிவினையையே ஆதரிப்பேன்.

குறியைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை முடியாது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்திலோ ருஷ்யத்திலோ ஒருவன் ‘நான் கொன்றேன்’ என்பதுவரை சொல்லி அறுபட்டால், கொலை தெரிந்துவிட்டது, யாரை என்பது தெரியாது. அதையே தமிழில் இயல்பான வரிசையில் அறுத்தால் ‘நான் அவளை—’ என்று நிற்கும். ஆள் தெரிந்துவிட்டாள், என்ன செய்தான் என்பது தெரியாது. மர்மம் இடம் மாறிவிட்டது. அடுத்த பக்கத்தில் கேட்பவர் ‘யாரை?’ என்று கேட்கிறாரென்றால் மொழிபெயர்ப்பு அங்கேயே உடைகிறது. ‘கொன்றுவிட்டேன், நான்தான்—’ என்று வரிசையைப் புரட்டினால் சரியாகும். பதற்றத்தில் பேசும் தமிழர் அப்படித்தான் பேசவும் செய்வார். அறுபடும் பேச்சு ஒவ்வொன்றிலும் எது வெளிவந்தது, எது உள்ளே நின்றது என்று பார்த்துவிட்டுத்தான் கோட்டைப் போடவேண்டும்.

இந்த முடிவுகளையெல்லாம் வேலை தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. பதிப்பகங்களில் ஸ்டைல் ஷீட் என்பார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: பேச்சுக்கு எது, நினைப்புக்கு எது, கடிதத்துக்கு எது, மூடும் குறிக்கு முன் காற்புள்ளி உண்டா, அறுபட்டால் எது, நீளப் பேச்சுக்கு என்ன ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் அந்த நாவலிலிருந்தே ஒரு வரி உதாரணம். ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும் மொழிபெயர்ப்பில் கை தானாகவே வழக்கத்தை மாற்றிக்கொள்ளும், தாள் மாற்றிக்கொள்ளாது.

அப்படியும் கோப்பில் குழப்பம் நுழையும், பெரும்பாலும் தட்டச்சு வழியாக. சொல்செயலிகள் வளைந்த மேற்கோள்குறியைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன: முன்னால் இடைவெளி இருந்தால் திறக்கும் குறி, எழுத்து இருந்தால் மூடும் குறி. கேள்விக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. விளைவு, பேச்சின் முடிவில் திறக்கும் குறி வந்து உட்காரும். போதாததற்கு அது தனியாகப் பிரிந்து அடுத்த வரியின் தலைக்கும் போகும். நீளக் கோட்டை ஒட்டி மேற்கோள் போட்டால் இதற்கு நேரெதிராக, திறக்க வேண்டிய இடத்தில் மூடும் குறி விழும்.

லிப்ரெஆபிஸில் தேடல் பெட்டியில் Regular expressions என்பதைத் தெரிவுசெய்துகொண்டு கீழே உள்ளதைத் தேடினால், திறந்துவிட்டு மூடாத பத்திகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

```
“[^”]*$
```

திறக்காமல் மூடியவற்றுக்கு இது:

```
^[^“]*”
```

தேடலாம், ஆனால் ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அழுத்தக் கூடாது. குறிப்பாக, கோப்பு யூனிகோடில் இல்லாமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் அந்தப் பொத்தான் ஆபத்து. பாமினியில் ‘இ’ என்ற எழுத்தே ஆங்கில விசைப்பலகையின் காற்புள்ளியில்தான் இருக்கிறது. காற்புள்ளிகளை ஒரே வீச்சில் நீக்கினால் புத்தகத்தில் உள்ள ‘இவான்’ எல்லோரும் ‘வான்’ ஆகிவிடுவார்கள். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு, அதன்பிறகே குறிகளில் கைவைக்க வேண்டும்.

இந்தத் தேடல்கள் குறி ஜோடி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நிக்கலாயின் பேச்சு வேராவின் வாயில் விழுந்திருந்தாலோ, இரண்டு பேர் பேசியது ஒரே பத்தியில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ கணினிக்குத் தெரியாது. அதற்கு மூலத்தின் அந்த இடது ஓரக் கோடுகள் உதவும். உரையாடல் மிகுந்த ஓர் அத்தியாயத்தை எடுத்து, ருஷ்ய மூலத்தில் கோட்டில் தொடங்கும் பத்திகளை எண்ணுங்கள்; அத்தனை முறை பேச்சு கைமாறியிருக்கிறது. தமிழில் அதே அத்தியாயத்தில் பேசும் முறைகளை எண்ணுங்கள். ருஷ்யம் தெரிய வேண்டியதில்லை, கோடு தெரிந்தால் போதும். தமிழில் இரண்டு குறைந்தால் எங்கோ இரண்டு பேச்சுகள் ஒன்றாகியிருக்கின்றன, அல்லது விடுபட்டிருக்கின்றன. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போய், ஆள் மட்டும் மாறியிருந்தால், மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கம் வைத்து, பத்திக்குப் பத்தி பேசுபவர் பெயரைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை.